சிங்கப்பூர் அரைவல் கார்டு: அம்மாவுக்காக மகன் நிரப்பும்போது

கேள்வி: “அம்மா (62 வயது) முதல் தடவையாகத் தனியாகத் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு என்னைப் பார்க்க வருகிறார். விசா வந்துவிட்டது. அரைவல் கார்டை நானே ஆன்லைனில் நிரப்பலாமா, ஏஜென்ட் மூலம்தான் செய்ய வேண்டுமா? விமான எண், தங்கும் முகவரி, வருகையின் நோக்கம் இதில் ஏதாவது தப்பாகப் போட்டால் ஏர்போர்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களா?”

நீங்களே நிரப்பலாம். சொல்லப்போனால், அம்மா தங்கப்போகும் வீட்டில் இருக்கும் நீங்கள் நிரப்புவதுதான் நல்லது. அந்த முகவரி திருச்சி ஏஜென்டைவிட உங்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்? காசும் கட்ட வேண்டியதில்லை. சிங்கப்பூர் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் eservices.ica.gov.sg/sgarrivalcard என்ற பக்கத்திலோ, அவர்களுடைய MyICA Mobile செயலியிலோ இலவசமாக நிரப்பலாம். கூகுளில் தேடினால் அதே மாதிரி முகப்போடு வங்கிக் கார்டு விவரம் கேட்டுப் பணம் பிடிக்கும் தளங்கள் முதலில் வரும். முகவரி .gov.sg என்று முடியும் தளத்தில் இல்லை என்றால் மூடிவிடுங்கள். பணம் போவதைவிட, பாஸ்போர்ட் விவரம் யாரோ ஒருவரிடம் போவதுதான் எனக்குப் பெரிய கவலை.

நான் திருச்சியில் டிக்கெட், விசா வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். பிள்ளைகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போகும் பெற்றோர்தான் எங்களுக்கு அதிகம். ஒரு எழுத்துப்பிழைக்காக அவர்களில் ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை. உள்ளே விடுவதா, எத்தனை நாளுக்கு விடுவது என்ற முடிவு அங்கே இருக்கும் அதிகாரியுடையது. அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் அந்த முடிவு இந்த ஒரு கார்டை மட்டும் வைத்து எடுக்கப்படுவதில்லை. பாஸ்போர்ட், விசா, டிக்கெட், கார்டு நான்கும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பார்கள். விசா விண்ணப்பத்தில் மகன் வீடு என்று இருந்து, கார்டில் ஏதோ ஒரு ஹோட்டல் பெயர் இருந்தால் கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அம்மா தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும். பிழை செய்தால் வரும் சங்கடம் பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் தெரிந்தே பொய் எழுதுவது அங்கே சட்டப்படி குற்றம். அது வேறு விஷயம்.

முதலில் எப்போது நிரப்புவது என்பது. வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இந்தக் கணக்கில்தான் பாதிப் பேர் இடறுகிறார்கள், ஏனென்றால் நம் ஊரிலிருந்து போகும் விமானங்களில் பல இரவில் கிளம்புபவை. அம்மாவின் விமானம் 14ஆம் தேதி இரவு 11.40-க்குத் திருச்சியில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பறக்கும் நேரம் கிட்டத்தட்ட நாலேகால் மணி, சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். ஆக, இறங்கும்போது அங்கே 15ஆம் தேதி காலை ஆறரை. கார்டில் கேட்பது இறங்கும் தேதி, எனவே 15. கிளம்பும் தேதி என்று நினைத்து 14 போட்டுவிடுவார்கள். நிரப்பத் தொடங்கக்கூடிய நாள் 13, 14, 15 என்று எண்ணி 13ஆம் தேதி. பத்து நாள் முன்னாலேயே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால் தளம் அந்தத் தேதியை ஏற்காது. உடனே தளம் கோளாறு என்று ஏஜென்டுக்கு போன் போகும். 13ஆம் தேதி மாலையில் நீங்கள் வேலை முடிந்து வந்து நிரப்பினால் சரியாக இருக்கும். தப்பு ஏதாவது இருந்தால் திருத்த ஒரு முழு நாள் கையில் இருக்கும். விமான நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டு செல்போனில் நிரப்புவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

நிரப்பும்போது அம்மாவின் பாஸ்போர்ட் படம் பெரிதாக, தெளிவாக உங்கள் முன் இருக்கட்டும். பாஸ்போர்ட் எண்ணைப் பார்த்து எழுதுவதில் ஒரு சின்ன வழி இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஒரு ஆங்கில எழுத்து, அதன் பிறகு ஏழும் எண்கள். ஆகவே இரண்டாம் இடத்திலிருந்து வட்டமாக எது தெரிந்தாலும் அது பூஜ்யம்தான், O இல்லை. ஒரு கோடாகத் தெரிவது ஒன்றுதான், I இல்லை. மற்றப் பிழைகளைவிட இந்த ஒரு பிழைதான் உண்மையில் வேலை வைக்கும். எண் மாறினால் அம்மாவின் பாஸ்போர்ட்டைத் தேடும் கணினிக்குக் கார்டே கிடைக்காது. அங்கே இருப்பவர்களைப் பொறுத்தவரை அம்மா கார்டு நிரப்பாதவர்.

பெயரில் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். குடும்பப் பெயர் என்று நமக்கு ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அந்த இடம் வெற்றாக இருக்கும், சிலருக்கு அப்பா அல்லது கணவர் பெயர் விரிந்து உட்கார்ந்திருக்கும். கார்டில் பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயரைக் கேட்பார்கள். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் இருக்கிற மாதிரி இனிஷியலைப் போடாதீர்கள். பாஸ்போர்ட்டின் அடியில் < குறிகளோடு இரண்டு வரி இருக்கும் அல்லவா, அதன் முதல் வரியில் பெயர் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். இயந்திரம் படிப்பது அதைத்தான். அந்த எழுத்துகள், அதே எழுத்துக்கூட்டலில் வந்தால் போதும்.

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வியை மகன்கள் படிக்காமலே ‘இல்லை’ என்று தட்டிவிடுகிறார்கள்: வேறு பெயரில் உள்ள பாஸ்போர்ட்டில் இதற்கு முன் சிங்கப்பூருக்கு வந்ததுண்டா என்பது. உங்கள் அம்மாவுக்கு இது முதல் பயணம், கவலையில்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரோடு ஒரு பாஸ்போர்ட், பிறகு கணவர் பெயரோடு ஒன்று என்று நம் வீட்டுப் பெண்கள் பலரிடம் இருக்கும். பழைய பெயரில் ஒரு தடவையாவது போயிருந்தால் ‘ஆம்’ என்று சொல்லிப் பழைய பெயரை எழுத வேண்டும். ‘ஆம்’ என்பதால் ஒன்றும் ஆகாது. கைரேகை பழைய பதிவோடு பொருந்தி, கார்டில் ‘இல்லை’ என்று இருந்தால்தான் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.

சரி, விமான எண். முன்னால் நிறுவனத்தின் இரண்டெழுத்துக் குறி, பின்னால் எண். ஸ்கூட்டுக்கு TR, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு IX, இண்டிகோவுக்கு 6E. இண்டிகோவில் 6 என்பது குறியின் பகுதி, விமான எண்ணின் முதல் இலக்கம் இல்லை. இரண்டு கட்டங்களாகப் பிரித்துக் கேட்கும்போது இது குழப்பும். டிக்கெட்டில் ஆறெழுத்தில் PNR ஒன்றும் இருக்கும். அதைத் தூக்கி விமான எண் கட்டத்தில் போடுகிறவர்களும் உண்டு. அம்மா நேர் விமானத்தில் வந்தால் இங்கே யோசிக்க ஒன்றுமில்லை. கொழும்பு வழியாகவோ கோலாலம்பூர் வழியாகவோ வந்தால், சிங்கப்பூரில் தரையிறங்கும் கடைசி விமானத்தின் எண்ணைத்தான் போட வேண்டும், வருவதற்கு முன் கடைசியாக ஏறிய ஊர் என்ற இடத்திலும் திருச்சிக்குப் பதில் அந்த நடு ஊர் வரும். நிரப்பிய பிறகு நிறுவனம் விமானத்தை மாற்றிவிட்டால்? சில மணி நேரத் தாமதம் என்றால் விட்டுவிடுங்கள். தேதியே மாறினால் கார்டையும் மாற்றுங்கள்.

தங்கும் முகவரிக்கு வருவோம். நான் பார்த்த கார்டுகளில் அதிகம் குழம்பிக் கிடப்பது இந்தப் பகுதிதான். ஹோட்டல் என்றால் பட்டியலில் பெயரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. வீடு என்றால் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். நம் ஊரில் ஒரு பின்கோடுக்குள் பல கிராமங்கள் அடங்கும். சிங்கப்பூரில் ஒரு கட்டடத்துக்கு ஒரு குறியீடு. அதனால் ஆறு எண்ணும் சரியாக இருந்தால் புளோக்கும் தெருவும் தானாகவே ஒத்துவரும், ஒரு எண் மாறினால் வேறு கட்டடம். வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளில் சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு: பெரும்பாலும் குறியீட்டின் கடைசி மூன்று எண்கள் புளோக் எண்ணாக இருக்கும். புளோக் 412 என்றால் குறியீடு 412 என்று முடியும். அப்புறம் வீட்டு எண். #09-345 என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை இங்கே இருக்கிறவர்கள் அப்படியே ஒரே கட்டத்தில் தட்டுவார்கள், தளம் ஏற்காது. அது இரண்டு தகவல். 09 மாடி, 345 வீடு. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம், # குறி எங்கும் தேவையில்லை. நீங்கள் வாடகை அறையில் இருந்து, அம்மாவை முதல் இரண்டு இரவு நண்பர் வீட்டில் தங்க வைக்கப்போகிறீர்கள் என்றால், முதலில் தங்கும் இடத்தைப் போடுங்கள். எங்கெல்லாம் தங்குவார் என்ற முழுப் பட்டியலை யாரும் கேட்கவில்லை. அந்த நண்பரின் பெயர், தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

நோக்கம் என்ற இடத்தில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது பயத்தால். “சுற்றுலான்னு போட்டாத்தான் சுலபமா விடுவாங்களாமே” என்பார்கள். மகனைப் பார்க்க வருகிறார், மகன் வீட்டில் தங்குகிறார், விசாவுக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்தவரும் மகன். பிறகு ஏன் சுற்றுலா? உறவினரை, நண்பரைப் பார்க்க வருவது என்று ஒரு தேர்வே இருக்கிறது. அதைப் போடுங்கள். பேரன் பிறந்திருக்கிறான், கூடமாட இருக்க வருகிறார் என்றாலும் அதேதான். எச்சரிக்கை வேண்டியது ஒரு இடத்தில் மட்டும். “வேலைக்குப் போறேன், புள்ளைக்குச் சமைச்சுப் போடணும்” என்று அதிகாரியிடம் வெள்ளந்தியாகச் சொல்லும் அம்மாக்கள் உண்டு. நம் பேச்சில் வேலை என்றால் வீட்டுவேலையும்தான். அந்தச் சாளரத்தில் வேலை என்றால் சம்பளத்துக்கு வேலை, வருகை அனுமதியில் அது கூடாது. “மகனைப் பார்க்க வந்திருக்கிறேன், அவன் வீட்டில் தங்குகிறேன், இந்தத் தேதியில் திரும்புகிறேன்.” இவ்வளவும் உண்மை, இவ்வளவு போதும். மருத்துவமனையில் சிகிச்சைக்கு வருபவர் என்றால் மட்டும் அதற்கான தேர்வைப் போட வேண்டும்.

கடைசியில் உடல்நலம் பற்றிச் சில கேள்விகள் வரும்: சமீபத்தில் எந்த நாடுகளுக்குப் போனார், காய்ச்சல் போன்ற அறிகுறி உண்டா என்பவை. உள்ளதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான்.

யாரும் கவனிக்காத கட்டம் ஒன்று இருக்கிறது: மின்னஞ்சல். என்னைக் கேட்டால், பாஸ்போர்ட் எண்ணுக்கு அடுத்த முக்கியம் இதற்குத்தான். சிங்கப்பூரில் வருகையாளர்களின் பாஸ்போர்ட்டில் இப்போது முத்திரை குத்துவதில்லை. உள்ளே விட்ட பிறகு, எந்தத் தேதி வரை தங்கலாம் என்ற மின் அனுமதி, கார்டில் கொடுத்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். எங்கள் கடையில் ஒரு தடவை நடந்தது, தப்பு எங்களுடையதுதான். ஒரு அம்மாவுக்கு மின்னஞ்சல் இல்லை என்று கடையின் முகவரியைப் பையன் போட்டுவிட்டான். அவர் நல்லபடியாகப் போய் இறங்கிவிட்டார், அனுமதி எங்கள் இன்பாக்ஸில் விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது. விசாவில் போட்டிருந்த கடைசி நாள் வரை தங்கலாம் என்று அங்கே மகள் நினைத்துக்கொண்டிருந்தாள். விசாவில் இருப்பது அது எந்த நாள் வரை செல்லும் என்பது. ஒரு தடவை உள்ளே போனால் எத்தனை நாள் தங்கலாம் என்பது அந்த மின் அனுமதியில் இருப்பது. இரண்டும் ஒன்றில்லை. தற்செயலாக நான் இன்பாக்ஸைத் துழாவும்போது கண்ணில் பட்டு, தேதி முடிய நான்கு நாள் இருக்கும்போது போன் செய்து சொன்னேன். அதற்குப் பிறகு கடையில் யாருடைய கார்டிலும் எங்கள் மின்னஞ்சல் போவதில்லை. நீங்கள் உங்கள் மின்னஞ்சலைப் போடுங்கள்.

இதையொட்டியே இன்னொன்று. கார்டில் திரும்பிப் போகும் தேதியும் கேட்பார்கள், டிக்கெட்டில் உள்ளபடி எழுதுங்கள். ஆனால் நீங்கள் எழுதியதாலேயே அத்தனை நாள் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். திரும்பும் டிக்கெட் 50 நாள் கழித்து இருந்து, மின் அனுமதி 30 நாளோடு முடிந்தால், செல்லுபடியாவது அந்த 30 நாள்தான். மேலும் இருக்க வேண்டுமென்றால், அது முடிவதற்கு முன்னாலேயே ஆணையத்தின் தளத்தில் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கும், கிடைக்காது என்று நான் சொல்ல முடியாது. அதனால் 30 நாளுக்கு மேல் திட்டமிடுகிறவர்கள் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

அனுப்பிய பிறகு ஒப்புகை வரும். அதில் பெயர், பாஸ்போர்ட் எண், வரும் தேதி மூன்றையும் பாஸ்போர்ட்டோடு வைத்து இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. பிழை இருந்தால் பதற வேண்டாம், சரியான விவரத்தோடு திரும்ப நிரப்பி அனுப்புங்கள், பாஸ்போர்ட் எண் தப்பு என்றால் கட்டாயம் புதிதாகவே நிரப்புங்கள். ஒப்புகையை அச்செடுத்து விசாத் தாளோடு அம்மாவின் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். சாங்கியில் காகிதம் கேட்க மாட்டார்கள், பாஸ்போர்ட்டை வைத்தாலே தெரிந்துவிடும். ஆனால் திருச்சியில் போர்டிங் பாஸ் போடும் இடத்தில் “கார்டு போட்டாச்சா?” என்று கேட்பார்கள். அப்போது போனில் தேடித் தடுமாறுவதைவிடத் தாளை நீட்டுவது அந்த வயதில் சுலபம்.

அம்மா வந்த பிறகு ஜொகூர் பாருவுக்கோ பத்துமலைக்கோ ஒரு நடை கூட்டிப் போகும் எண்ணம் இருந்தால், இதையும் நினைவில் வையுங்கள். இந்தக் கார்டு ஒரு தடவை நுழைவதற்கு மட்டும். மலேசியாவுக்குப் போய் அன்று மாலையே திரும்பினாலும் அம்மாவுக்குப் புதிதாக ஒரு கார்டு வேண்டும், விசாவும் பல தடவை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். மலேசியாவுக்குள் போக அவர்களுடைய MDAC என்ற கார்டு தனி. அதிலும் இதே மூன்று நாள் கணக்குதான், அதுவும் இலவசம். வேலை அனுமதி வைத்திருக்கும் நீங்கள் தரைவழியாக உட்லண்ட்ஸில் திரும்பும்போது சிங்கப்பூர் கார்டு நிரப்பத் தேவையில்லை. அந்தப் பழக்கத்தில் அம்மாவுக்கும் வேண்டாம் என்று இருந்துவிட்டு, பேருந்து வரிசையில் நின்றுகொண்டு எனக்கு போன் செய்தவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் காலையில் கிளம்பும் முன் இரண்டு கார்டையும் நிரப்பிவிடுங்கள்.